கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் எங்கிருந்து வந்தன?

"ஏங்க, இது கறுப்பு வெள்ளைப் படம்தானே? அந்தம்மா மூக்குத்தியிலேர்ந்து சிவப்பும் பச்சையுமா ஏதோ தெறிக்குதே, உங்களுக்குத் தெரியல?"

எனக்குத் தெரியவில்லை. புது ப்ரொஜக்டர் வாங்கி ஹால் சுவரில் நூறு அங்குலத்துக்குப் படம் விழுந்த மூன்றாம் நாள் அது. முதல் இரண்டு நாள் கிரிக்கெட் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. மாமியார் ஆசைப்பட்டாரே என்று பழைய படம் ஒன்றைப் போட்டதும் மனைவி கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள். மறுநாள் சப்டைட்டிலோடு ஒரு மலையாளப் படம். முகத்திலிருந்து எழுத்துக்குப் பார்வையை இறக்கும்போதெல்லாம் எழுத்துக்கு மேலும் கீழும் வானவில் ஒன்று பளிச்சென்று வந்து போவதாகச் சொன்னாள். முக்கால் மணி நேரத்தில் தலைவலி. கடையிலிருந்து வந்த பையன் பத்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமே தெரியலையே மேடம்" என்றான். கண் டாக்டரும் கண்ணில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார். அப்படியென்றால் அவள் எதைப் பார்க்கிறாள்?

திரையில் உண்மையிலேயே இருப்பதைத்தான் பார்க்கிறாள். பார்க்கத் தவறுகிறவர்கள் நானும் அந்தப் பையனும்தான்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒற்றைச் சிப் டிஎல்பி ப்ரொஜக்டர். அதன் உள்ளே விரல்நகம் அளவில் ஒரு சிப் இருக்கிறது. அதன் மேல் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்று என்ற கணக்கில் குட்டிக் கண்ணாடிகள்; ஃபுல் எச்டி சிப் என்றால் ஏறத்தாழ இருபது லட்சத்து எழுபதாயிரம். ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. விளக்கின் ஒளியை லென்ஸ் பக்கம் திருப்பினால் புள்ளி வெளிச்சம், வேறு பக்கம் சாய்த்தால் இருட்டு. இந்தச் சிப்பை 1987-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் உருவாக்கினார். பிற்பாடு சினிமா உலகம் அவருக்கு ஆஸ்கர் விருதே கொடுத்தது.

கண்ணாடிக்கு நிறம் தெரியாது. அதற்குத் தெரிந்தது வெளிச்சமும் இருட்டும் மட்டுமே. அதனால் விளக்குக்கும் சிப்புக்கும் நடுவே கலர் வீல் என்ற சின்னக் கண்ணாடித் தட்டு சுழல்கிறது. அதில் சிவப்பு, பச்சை, நீலம் என்று வடை துண்டு போட்ட மாதிரி நிறப் பகுதிகள். சிவப்புத் துண்டு ஒளியின் குறுக்கே வரும்போது சிப் படத்தின் சிவப்புப் பங்கை மட்டும் காட்டும். அடுத்து பச்சைப் பங்கு, அடுத்து நீலம். ஆக, திரையில் எந்த நொடியிலும் முழு வண்ணப் படம் இருப்பதே இல்லை. ஒற்றை நிறப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. கண் அசையாமல் இருந்தால் மூன்றும் விழித்திரையில் ஒரே இடத்தில் விழும், மூளை சேர்த்து ஒரு வண்ணமாகப் படித்துக்கொள்ளும்.

பழைய சாமி காலண்டர்களில் சில சமயம் அச்சு தள்ளிப் போயிருக்கும். முருகனின் உதட்டுச் சிவப்பு உதட்டில் இல்லாமல் கன்னத்தில் நிற்கும். ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகத் தாள் ஓடும்போது ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையில் தாள் நகர்ந்துவிட்டதன் விளைவு அது. டிஎல்பி ப்ரொஜக்டரில் அச்சு சரியாகத்தான் விழுகிறது. தாள்தான் நகர்கிறது. தாள் இங்கே உங்கள் விழித்திரை.

எவ்வளவு நகர்கிறது என்று எங்கள் வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்த்தேன். ப்ரொஜக்டர் தாளில் வீலின் நிறங்கள் RGBYCW என்று இருந்தது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், சயான் என்ற வெளிர்நீலம், வெள்ளை. நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட் ஆகிறது. நாங்கள் உட்காரும் சோபா திரையிலிருந்து பத்தடி. நடிகரின் முகத்திலிருந்து சப்டைட்டிலுக்கு இரண்டடி இறக்கம். இந்தத் தூரத்தைக் கண் நிதானமாக நகர்ந்து கடப்பதில்லை, ஒரே தாவாகத் தாவுகிறது. இந்த அளவுத் தாவலில் கண்ணின் உச்ச வேகம் நொடிக்கு 300 டிகிரியைத் தொடும். அப்படியென்றால் வீல் ஒரு சுற்றை முடிப்பதற்குள் கண் இரண்டரை டிகிரி திரும்பிவிடுகிறது. வானத்தில் ஐந்து முழு நிலவை வரிசையாக வைத்தால் வரும் அகலம் அது. எங்கள் திரையில் 13 சென்டிமீட்டர், அரைச் சாணுக்கும் மேல். எழுத்தின் கோடோ ஒரு சென்டிமீட்டர் தடிமன்கூட இல்லை. அதனால் ஒரு வெள்ளை எழுத்து சிவப்பு எழுத்தாகவும் பச்சை எழுத்தாகவும் நீல எழுத்தாகவும் தனித்தனியே பிரிந்து நிற்கிறது. தாவல் முடிய ஏறக்குறைய ஐம்பது மில்லி செகண்ட் ஆகும். அதற்குள் வீல் ஆறு சுற்று சுற்றிவிடுவதால் ஆறு அடுக்கு வானவில்.

கிரிக்கெட்டில் ஏன் தெரியவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பச்சை மைதானம் திரை முழுக்கப் பரந்து கிடக்கிறது. நிறங்கள் அரைச் சாண் தள்ளி விழுந்தாலும் மைதானத்தின் மேல்தான் மைதானம் விழும், ஓரத்தில் மட்டும் மெல்லிய கசிவு இருக்கும். இருட்டுப் பின்னணியில் சின்னதாக, வெள்ளையாக, பளிச்சென்று எது இருந்தாலும் அதுதான் வம்பு: சப்டைட்டில், இரவில் காரின் ஹெட்லைட், படத்தின் கடைசியில் ஓடும் பெயர்கள், மூக்குத்திக் கல். கறுப்பு வெள்ளைப் படத்தில் இது உச்சம். அங்கே வெள்ளையும் சாம்பலும் தவிர வேறு இல்லை, எல்லாமே எல்லா நிறங்களையும் கலந்து வருவது. சுத்தச் சிவப்பில் ஒரு எழுத்து இருந்தால் பிரிவதற்கு அதில் இன்னொரு நிறம் கிடையாது. மாமியாருக்குப் பிடித்த படங்கள்தான் மகளுக்குத் தலைவலி தந்தன என்பதை இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாமல் போவது ஏன்? கண் தாவும் நேரத்தில் மூளை பார்வையை ஓரளவு மட்டுப்படுத்திவிடுகிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு தாவலிலும் உலகமே இழுபட்டு மங்கித் தெரியும். இந்த மட்டுப்படுத்தல் முழுமையானதல்ல, ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. இருட்டில் பளிச்சிடும் ஒளி அதையும் மீறி உள்ளே வந்துவிடும். கண்ணைத் திரையின் நடுவில் நிறுத்திப் பார்ப்பவர்கள் உண்டு, மூலை முடுக்கெல்லாம் துழாவுபவர்களும் உண்டு. என் மனைவி இரண்டாவது ரகம், வீட்டிலும் அப்படித்தான். இரவில் முன்னால் போகும் காரின் எல்இடி பின்விளக்கைத் தாண்டிக் கண்ணைத் திருப்பும்போது சிவப்புப் புள்ளிகள் வரிசையாகச் சிதறித் தெரிகிறதா? அதுவும் இதே சங்கதிதான். வேகமாக அணைந்து எரியும் விளக்கைக் கண் தாவலின் நடுவே துண்டு துண்டாகப் பார்க்கிறது. ஒரு முறை வானவில்லைக் கண்டுகொண்டவர் பிறகு அதைத் தேடாமலே பார்ப்பார் என்பது இதில் ஒரு கொடுமை. அதனால் யாருக்கும் தெரியாத வீட்டில் போய் நான் இதை விளக்கிச் சொல்வதில்லை.

இது புதுச் சிக்கலும் அல்ல. அமெரிக்காவில் 1951-ல் சில மாதங்கள் நடந்த சிபிஎஸ் வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்பு, சுழலும் நிறத்தட்டை நம்பித்தான் ஓடியது. 1969-ல் அப்பல்லோ 10 விண்கலம் அனுப்பிய வண்ணப் படமும் கேமராவுக்குள் சுழன்ற நிறத்தட்டு எடுத்ததே. அந்த வகைக் கேமராக்கள் நிலவில் பிடித்த காட்சிகளில் வேகமாக அசையும் பொருள்களின் ஓரத்தில் நிறம் பிரிந்து நிற்பதை இன்றும் பார்க்கலாம்.

முதலில் இது அதுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் கறுப்புப் பின்னணியில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றை மேலிருந்து கீழாக வரைந்து திரை முழுக்கக் காட்டுங்கள். அறை விளக்கை அணையுங்கள். கண்ணை இடது சுவரிலிருந்து வலது சுவருக்குச் சடாரென்று திருப்புங்கள். கோடு ஒரு கணம் பல நிறக் கோடுகளாகப் பிரிந்தால் விஷயம் இதுதான். கண் அசையாதபோதும் கோட்டின் ஓரத்தில் நிறம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு: லென்ஸின் குறையாக இருக்கலாம், அதிக பவர் மூக்குக்கண்ணாடியின் ஓரத்தில் வரும் நிறக் கசிவாகவும் இருக்கலாம். எதுவுமே தெரியாத என் போன்றவர்கள் வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பார்க்கலாம். பென்சில் பல நிறப் பென்சில்களாக விசிறிபோல் விரியும். விசிறியின் மடிப்புகள் நெருக்கமாக இருந்தால் வீல் வேகமானது, அகலமாக இருந்தால் மெதுவானது.

செட்டிங்கில் முதலில் கவனிக்க வேண்டியது வேகம். மற்றவை எல்லாம் வானவில்லை மங்கச் செய்யும், வேகம் மட்டும்தான் அதைக் குறுக்கும். சில ப்ரொஜக்டர்களின் மெனுவிலேயே வீல் வேகத்தை மாற்ற இடம் உண்டு, எங்களுடையதில் இல்லை. ஆனால் பல ப்ரொஜக்டர்களில் வீல் உள்ளே வரும் சிக்னலின் தாளத்துக்கு ஏற்ப ஓடும். டிவி ஸ்டிக்கில் படத்தின் அசல் வேகத்துக்கே மாற்றிக்கொள்ளும் வசதியை நான் பெருமையாகப் போட்டு வைத்திருந்தேன். சினிமா நொடிக்கு 24 சட்டம், அதனால் ப்ரொஜக்டர் 24-ன் மடங்கில், நொடிக்கு 96 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது. வசதியை அணைத்து 60-லேயே நிறுத்தியதும் 120-க்குத் தாவியது. இதை எந்தக் கருவியும் இல்லாமல் என் மனைவிதான் கண்டுபிடித்தாள். சின்ன வயதில் பாட்டுக் கற்றவள். "விர்ருனு கேக்குதே அந்தச் சத்தம், முன்னாடி சட்ஜத்தில இருந்தது, இப்ப காந்தாரத்துக்கு ஏறிடுச்சு" என்றாள். 96-க்கும் 120-க்கும் உள்ள விகிதம் நாலுக்கு ஐந்து. சட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் அதே விகிதம்தான். திரைக் கணக்கில் இது 16 சென்டிமீட்டரிலிருந்து 13-க்கு இறங்கியதற்குச் சமம். பெரிய மாற்றம் இல்லை, ஆனால் காசு செலவில்லாமல் கிடைத்தது. உங்கள் ப்ரொஜக்டரில் 50-ல் வேகம் கூடலாம், 60-ல் கூடலாம். மாற்றிப் போட்டுப் பென்சிலை ஆட்டிப் பாருங்கள்.

அடுத்தது வெளிச்சம். கடையிலிருந்து வரும்போது ப்ரொஜக்டர் பெரும்பாலும் கண்ணைக் கூசும் பிரகாச நிலையில்தான் இருக்கும். வீலில் வெள்ளைத் துண்டு வைப்பதே அந்தப் பிரகாசத்துக்காகத்தான். வெள்ளை எழுத்து வரும்போது மற்ற நிறங்களோடு அந்த வெள்ளைத் துண்டும் ஒரு தனி மின்னலாகச் சேர்ந்துகொள்கிறது. படத்தின் நிலையை Cinema என்று வைத்தேன். BrilliantColor என்று ஒரு அளவுகோல் பல ப்ரொஜக்டர்களில் இருக்கும். அது கூடினால் வெள்ளைத் துண்டும் மஞ்சள், சயான் துண்டுகளும் அதிகம் வேலை செய்யும். பத்தில் இருந்ததை இரண்டுக்கு இறக்கினேன். விளக்கை Eco-வில் போட்டேன். படம் கொஞ்சம் மங்கியது, நிறங்கள் இயல்பாகின. மனைவி முதல் முறையாக ஒரு படத்தை இடைவேளை வரை உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். வெளிச்சத்தைக் குறைக்கிறேன் என்று Brightness-இல் கை வைக்காதீர்கள். அது இருட்டின் அளவைத் தள்ளுவது. கூட்டினால் கறுப்பு சாம்பலாகும், குறைத்தால் நிழலில் நிற்கும் ஆள் காணாமல் போவார். வெள்ளையின் உச்சத்தைத் தணிப்பது Contrast.

இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளிதான் பளிச்சிடலுக்குத் தீனி என்பதால், அறையைக் கும்மிருட்டாக வைக்காமல் சோபாவுக்குப் பின்னால் ஒரு மங்கலான விளக்கைப் போடுவதும் பலன் தருகிறது. சினிமா ரசிகர்கள் திட்டுவார்கள். கறுப்பின் ஆழம் போய்விடும் என்பது உண்மைதான். தலைவலியா, கறுப்பின் ஆழமா என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஓட்டு எதற்கு விழும் என்பதில் சந்தேகமே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த வைத்தியம் சப்டைட்டிலுக்கானது, ப்ரொஜக்டரைத் தொடவே வேண்டாம். பென்டிரைவில் இருக்கும் படத்தை லேப்டாப்பில் VLC வழியாகப் போடுகிறீர்கள் என்றால் Tools, Preferences, Subtitles / OSD என்று போங்கள். Text default color என்ற இடத்தில் வெள்ளையை எடுத்துவிட்டு நடுத்தரச் சாம்பலை வையுங்கள். பச்சையைத் தாங்கிக்கொள்ள முடியுமென்றால் இன்னும் நல்லது, அதில் பிரிய ஏதும் இல்லை. அதே பக்கத்தில் Force subtitle position என்று ஒன்று இருக்கிறது. எழுத்தை அங்கே கொஞ்சம் மேலே தூக்கிவிடுங்கள். முகத்துக்கும் எழுத்துக்கும் தூரம் குறைந்தால் தாவலும் சின்னதாகும். சின்னத் தாவலில் கண் அவ்வளவு வேகம் பிடிப்பதே இல்லை. ஐந்து டிகிரித் தாவலுக்கு உள்ள வேகம் இருபது டிகிரித் தாவலின் வேகத்தில் பாதிதான் இருக்கும். சோபாவைப் பின்னுக்குத் தள்ளினாலும் படத்தைச் சிறிதாக்கினாலும் பலன் வருவது இதே காரணத்தால்தான். எங்கள் ஹாலில் பின்னுக்குத் தள்ள இடமில்லை, நூறு அங்குலப் படத்தை எண்பதுக்கு இறக்கினோம். எனக்குத்தான் மனசே இல்லை.

இவ்வளவு செய்தும் வானவில் போய்விட்டதா என்றால், இல்லை. மலையாளப் படம் முழுதாகப் பார்க்க முடிகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இப்போதும் இரண்டு மூன்று முறை "இதோ" என்று விரலை நீட்டுகிறாள். நிறங்களை வரிசையில் அனுப்பும் எந்தக் கருவியிலும் இதைச் சுத்தமாக ஒழிக்க முடியாது. வீலே இல்லாத எல்இடி ப்ரொஜக்டர் என்று விளம்பரம் வரும். ஒற்றை டிஎல்பி சிப் வைத்ததாக இருந்தால் அதிலும் சிவப்பு, பச்சை, நீல விளக்குகள் முறை போட்டுத்தான் எரிகின்றன. வேகம் கூடுதலாக இருக்கலாம், வரிசை வரிசைதான். லேசர் ப்ரொஜக்டர்களிலும் பலவற்றுக்குள் வீல் சுழல்கிறது. "ஆறு நிற வீல்" என்பதிலும் ஏமாறாதீர்கள். RGBRGB என்றால் ஒரு சுற்றில் மூன்று நிறங்களும் இரண்டு முறை வந்துபோகும். அதே வேகத்தில் எங்கள் வீட்டு 13 சென்டிமீட்டர் ஆறரையாகச் சுருங்கியிருக்கும். எங்களுடைய RGBYCW-விலும் ஆறு துண்டுகள்தான், ஆனால் வரிசை முடிய முழுச் சுற்றும் வேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் நான் வேறு பெட்டியைத்தான் எடுத்திருப்பேன்.

கொஞ்சமும் தாங்க முடியாதவர்களுக்கு மூன்று எல்சிடி பலகை வைத்த ப்ரொஜக்டர்தான் வழி. அதில் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் திரைக்கு வருகின்றன, பிரிவதற்கு வழியே இல்லை. அதற்கும் குறை உண்டு: அதே விலையில் கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கும், உள்ளே தூசி புகுந்தால் படத்தில் மங்கலான பொட்டு விழும். தியேட்டரில் டிஎல்பி வைத்திருந்தாலும் அங்கே நிறத்துக்கு ஒன்றாக மூன்று சிப், அதனால் அங்கே என் மனைவிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

ப்ரொஜக்டர் வாங்கக் கடைக்குப் போகும்போது வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சப்டைட்டில் உள்ள இருட்டான படம் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் விளக்கை அணைக்கச் சொல்லி இருபது நிமிடமாவது உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் கண்ணைக் கசக்கினாலும் அந்தப் பெட்டியை எடுக்காதீர்கள்.